உபயம் வேறு, சேனல் செலவு வேறு

திருப்புகழ் விளக்கம் சொல்லும் ஒரு யூடியூப் சேனல்காரர் வருமான வரிக் கணக்குக்காக என்னிடம் வந்தார். ஒவ்வொரு வீடியோவின் முடிவிலும், "முருகன் அருள் பெற விரும்பும் அன்பர்கள் அன்னதானத்துக்கு உதவலாம்" என்பார். கீழே இருந்தது அவருடைய சொந்த யூபிஐ எண். அந்த ஆண்டு வந்தது 1,84,000 ரூபாய். அன்னதானத்துக்குப் போனது 1,10,000. மீதி எடிட்டருக்கும் புது மைக்குக்கும். மனிதர் நாணயமானவர், எல்லாவற்றுக்கும் பில் இருந்தது. ஆனாலும் "சாமி பேரைச் சொல்லி மைக் வாங்கினீங்களா?" என்று ஒருவர் கமெண்டில் கேட்டபோது பதில் சொல்ல முடியவில்லை. கேட்டது சோற்றுக்கு, வாங்கியது மைக்.

வரியிலும் சிக்கல் இருந்தது. உறவினர் அல்லாதவர்கள் சும்மா கொடுக்கும் பணம் ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமல்ல, முழுத்தொகையுமே பெற்றவரின் வருமானம். கொடுப்பவர் வரிச்சலுகை பெற உதவும் நன்கொடை ரசீதும் தனிநபரால் தர முடியாது. அதற்கு வருமான வரித்துறையில் பதிவு பெற்ற அறக்கட்டளை போன்ற அமைப்பு வேண்டும்.

நான் சொன்னது இதுதான். அன்னதானத்துக்குப் பணம் வாங்குவதை நிறுத்துங்கள். அதை நடத்தும் அறக்கட்டளையின் கணக்கையே நேராகக் கொடுங்கள். உங்கள் யூபிஐக்கு மேல் "எடிட்டிங், ஒலிப்பதிவுச் செலவுக்கு" என்று பச்சையாக எழுதுங்கள். அருள் என்ற சொல்லும் பணம் என்ற சொல்லும் ஒரே வாக்கியத்தில் வரவே வேண்டாம். கொடுத்தால் அருள் என்று சொன்னால், கொடுக்க முடியாதவருக்கு என்ன சொல்கிறீர்கள்?

வெளிநாட்டு ரசிகர்கள் இருந்தால் இன்னொன்று. இந்தியக் குடியுரிமையோடு துபாயில் இருப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியே அனுப்பினால் சரி. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட தமிழர் மதப் பணிக்கென்று அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடைகளை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதை வாங்கக்கூடாது.

ஸ்பான்சர் விஷயத்தில் அவருக்குத் தயக்கமே தேவையில்லை. கோயில் டியூப்லைட்டிலேயே உபயதாரர் பெயர் வெளிச்சத்தை மறைக்கும் ஊர் நம்முடையது. ஆனால் இடம் முக்கியம். பூஜைப் பொருள் கடையின் பெயரைக் காப்புச் செய்யுளுக்கு முன்பே சொல்லிவிடச் சொன்னேன். வீடியோ ஏற்றும்போது, கட்டண விளம்பரம் உண்டு என்ற பெட்டியை டிக் செய்ய வேண்டும். "நானும் இந்த விபூதியைத்தான் பூசுகிறேன்" என்பதை அவர் நிஜமாகவே பூசினாலொழியச் சொல்லக்கூடாது.

அப்புறம் யூடியூப் விளம்பரம். 8 நிமிடமோ அதற்கு மேலோ ஓடும் வீடியோவில் நடுவிலும் விளம்பரம் வரலாம். தானாக விட்டால் பாட்டின் பாதியில் கூட வந்து விழும். அவர் பாடும் வீடியோக்களில் அதை அணைத்துவிட்டார்; பேச்சு வீடியோக்களில் இரண்டு பாடல்களுக்கு இடையே கையால் வைக்கிறார். ஜோதிட வகை விளம்பரங்களையும் தடுத்துவிட்டார். வருமானம் கொஞ்சம் குறைந்தது. இந்த ஆண்டு மைக் பில்லை அவரே சேனலில் போட்டார்.