ரெக்கார்ட் பண்ண வகுப்புல சத்தம் பின்தங்குதா? நகர்த்துறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க

வகுப்பு வீடியோ எடிட் பண்றதுதான் என் வேலை, அதுல எங்க கைக்கு அடிக்கடி வர்ற புகார் ஒண்ணு இருக்கு: "ஆரம்பத்துல சரியா இருக்கு, போகப்போக உதடு ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம் போகுது". இதைக் கேட்ட உடனே நிறைய பேர் ஆடியோ ட்ராக்கைப் பிடிச்சு கொஞ்சம் முன்னாடி இழுத்து விட்டுடுறாங்க. அப்படிச் செஞ்சா கடைசிப் பகுதி சரியாகும், ஆனா அதுவரைக்கும் நல்லா இருந்த ஆரம்பம் கெட்டுப்போகும். ஏன்னா முழு வீடியோவுலயும் ஒரே அளவு தள்ளி இருக்கறது வேற, நேரம் போகப்போக விலகல் கூடிக்கிட்டே போறது வேற. இதுல எதுன்னு அளந்தாதான் தெரியும், கண்ணாலயும் காதாலயும் பார்த்துச் சொல்ல முடியாது.

அளக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம். ப்ளூடூத் ஹெட்போன்ல கேட்டு முடிவு பண்ணாதீங்க, அதுவே 100, 200 மில்லிசெகண்ட் தாமதம் சேர்க்கும், சில ப்ளேயர் அதை ஈடுகட்டும் சிலது கட்டாது. எடிட்டிங் டைம்லைன்ல போட்டு, படத்தை ஃப்ரேம் ஃப்ரேமா நகர்த்தி, கீழ இருக்கற வேவ்ஃபார்மோட பக்கத்துல வெச்சுப் பாருங்க. அப்போதான் தப்பு ஃபைல்ல இருக்கா நீங்க கேக்கற வழியில இருக்கான்னு பிரிச்சுச் சொல்ல முடியும்.

சரி, எதை வெச்சு அளக்கறது? ஆரம்பத்துல யாராவது ஒரு தடவை கை தட்டியிருந்தா நல்லது, ஆனா அது ஆரம்பத்துல மட்டும்தானே இருக்கும், நமக்கு நடுவுலயும் கடைசிலயும் வேணும். டஸ்டரை மேஜை மேல வைக்கறது, சாக்பீஸ் போர்டுல முதல்ல படற "டக்", இதெல்லாம் நல்ல அடையாளம். இது எதுவும் கிடைக்கலன்னா நான் தேடறது "அப்போ"ங்கற சொல்லை. பாடம் எடுக்கறவங்க வாயில நிமிஷத்துக்கு ஒண்ணாவது வந்துடும். அந்த "ப்ப"வுக்கு உதடு முழுசா மூடி ஒரு கணம் நிக்கும், அந்த நேரத்துல வேவ்ஃபார்ம் கிட்டத்தட்ட தட்டையா இருக்கும், உதடு திறக்கற ஃப்ரேம்லதான் அலை சட்டுனு எழும்பும். படத்துல உதடு பிரியற முதல் ஃப்ரேம் எது, வேவ்ஃபார்ம்ல அலை எழும்பற இடம் எது, இந்த ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்னு எழுதிக்கோங்க. நான் எழுதறப்போ சத்தம் பின்தங்கினா ப்ளஸ், முந்தினா மைனஸ். இதைக் கட்டாயம் தாள்ல எழுதிடுங்க, அரை மணி நேரம் கழிச்சு எது ப்ளஸ்ஸுன்னு குழம்பி தலைகீழா சரி பண்ணி, பிழையை ரெண்டு மடங்கா ஆக்கினவங்களை நான் பார்த்திருக்கேன்.

25 ஃப்ரேம் வீடியோவுல ஒரு ஃப்ரேம் 40 மில்லிசெகண்ட், அதனால ஒரு தடவை அளந்தா அந்த அளவுக்கு முன்னபின்ன இருக்கலாம். ஒவ்வொரு இடத்துலயும் பக்கத்துப் பக்கத்துல மூணு "அப்போ" எடுத்து நடுவுல வர்ற எண்ணை வெச்சுக்கங்க. இதைவிட நுணுக்கமா வேணும்னா, தனி ரெக்கார்டர்ல எடுத்த ஆடியோவா இருக்கற பட்சத்துல, கேமராவோட சொந்த மைக் சத்தத்தையும் இந்த ஆடியோவையும் மேல கீழ வெச்சு ரெண்டு அலையையும் ஒப்பிடுங்க, ஒண்ணு ரெண்டு மில்லிசெகண்ட் வரைக்கும் தெரியும், முகமே தெரியாம போர்டைப் பார்த்துப் பேசற இடத்துலயும் அளக்கலாம். ஆனா கேமரா 10 மீட்டர் பின்னாடி இருந்தா சத்தம் அங்க போய்ச் சேரவே 29 மில்லிசெகண்ட் ஆகும், அது முழுக்க ஒரே அளவா இருக்கற தாமதம், அதை விலகல்னு எண்ணிடக்கூடாது.

இப்போ எங்ககிட்ட வந்த ஒரு வகுப்பைப் பத்திச் சொல்றேன். ஒன்றரை மணி நேரம், கேமரா 25 ஃப்ரேம், மேடம் சட்டையில காலர் மைக், அது தனி ரெக்கார்டருக்குப் போகுது. ஆரம்பத்துல அளந்தோம், 0. கடைசியில அளந்தோம், +0.48 செகண்ட். முதல்ல ஃபைலோட விவரத்தைப் பார்த்தோம்:

```
ffprobe -v error -show_entries stream=codec_type,start_time,duration,r_frame_rate,avg_frame_rate,sample_rate -of compact class.mp4
```

இதுல r_frame_rate, avg_frame_rate ரெண்டும் ஒண்ணா இருந்துச்சு, 25/1. மொபைல்லயோ ஸ்க்ரீன் ரெக்கார்டர்லயோ எடுத்த வீடியோவா இருந்தா இந்த ரெண்டும் பெரும்பாலும் வேற வேறயா இருக்கும், ஃப்ரேம் வேகம் கூடிக் குறையுதுன்னு அர்த்தம், எடிட்டர் அதைச் சீரான வேகம்னு நினைச்சுக்கிட்டா விலகல் அங்கயே ஆரம்பிச்சுடும். எங்க ஃபைல்ல அது இல்ல. ஆடியோ ரெண்டு பக்கமும் 48000, அதுவும் பிரச்சனை இல்ல.

விலகலோட அளவே காரணத்துல பாதியைச் சொல்லிடும். 48000ல எடுத்ததை 44100னு நினைச்சு ஓட்டினா ஒரு மணி நேரத்துக்கு 5 நிமிஷத்துக்கு மேல நீளும், குரலும் தடிச்சுடும், அதை யாரும் தவறவிட மாட்டாங்க. 30 ஃப்ரேமையும் 29.97ஐயும் மாத்திப் புரிஞ்சுக்கிட்டா மணிக்கு 3.6 செகண்ட். ரெண்டு கருவியோட உள்கடிகாரம் ஒண்ணுக்கொண்ணு லேசா வேற வேகத்துல ஓடினா, பத்து லட்சத்துக்கு 50 பங்கு வித்தியாசம்னு வெச்சா மணிக்கு 0.18 செகண்ட். எங்களுக்கு வந்தது ஒன்றரை மணிக்கு 0.48, அதாவது பத்து லட்சத்துக்கு 90 பங்குகிட்ட. சாதாரண ரெக்கார்டர்ல இது நடக்கக்கூடியதுதான், அதனால கடிகார வித்தியாசம்னு முடிவு பண்ணி மொத்த ஆடியோவையும் அந்த 0.48 செகண்ட் அளவுக்கு சீரா சுருக்கினோம், ஆரம்பம் பார்த்தோம், முடிவு பார்த்தோம், ரெண்டும் கச்சிதம், அனுப்பிட்டோம்.

ரெண்டு நாள்ல ஒரு மாணவர்கிட்ட இருந்து செய்தி வந்துச்சு, "சார், 20 நிமிஷத்துக்கிட்ட மேடம் வாய் திறக்கறதுக்கு முன்னாடியே சத்தம் வருது"ன்னு. முதல்ல நம்ப முடியல. பழைய ஃபைலை, அதாவது சுருக்கறதுக்கு முன்னாடி இருந்ததை, மறுபடி எடுத்து 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை அளந்தோம். 10லயும் 20லயும் 0. 30லயும் 40லயும் 0.16. 50, 60, 70 மூணுலயும் 0.32. 80ல 0.48. இதைத் தாள்ல புள்ளி வெச்சுப் பார்த்தா சரிவான கோடு இல்ல, படிக்கட்டு! விலகல் மெதுவா கூடவே இல்ல, மூணே மூணு இடத்துல நாலு நாலு ஃப்ரேமா குதிச்சிருக்கு. ஆரம்பம் முடிவுன்னு ரெண்டே புள்ளி வெச்சா எந்த வடிவமும் நேர்கோடாத்தான் தெரியும், நாங்க செஞ்ச தப்பு அதுதான்.

படி எந்த இடத்துல இருக்குன்னு கண்டுபிடிக்க முழுசையும் பார்க்க வேண்டியதில்ல, 20க்கும் 30க்கும் நடுவுல 25ல அளங்க, அங்க 0.16னா குதிப்பு அதுக்கு முன்னாடி, அப்புறம் இருபத்திரண்டரையில அளங்க, இப்படி பாதி பாதியா குறைச்சுக்கிட்டே போனா ஆறேழு அளவுல பத்து செகண்டுக்குள்ள வந்துடலாம். எங்களுக்கு வந்த இடம் 23 நிமிஷம் 52 செகண்ட். அந்த எண்ணைப் பார்த்ததும் விஷயம் புரிஞ்சிடுச்சு. கேமரா செகண்டுக்கு 24 மெகாபிட் வேகத்துல எழுதுது, அதுல போட்ட மெமரி கார்டுல ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, கணக்குப் போட்டா சரியா அந்த நேரத்துலதான் முதல் ஃபைல் நிரம்பி அடுத்தது தொடங்கும். அடுத்த ரெண்டு குதிப்பும் ஃபைல் மாறற இடத்துலயே இருந்துச்சு. கார்டுல இருந்து வீடியோ ஃபைலை மட்டும் தனித்தனியா காப்பி பண்ணி எடிட்டர்ல ஒட்டினப்போ, ஒவ்வொரு ஒட்டுலயும் நாலு ஃப்ரேம் விழுந்துடுச்சு. படம் குட்டையாச்சு, ரெக்கார்டர் ஆடியோ முழுசா இருக்கு, அதனால ஒவ்வொரு ஒட்டுக்குப் பிறகும் சத்தம் 0.16 செகண்ட் பின்னாடி போச்சு.

அந்த மாணவர் சொன்னதும் கணக்குல அப்படியே வருது. 23:52ல உண்மையான விலகல் 0, ஆனா நாங்க சீரா சுருக்கினதுல அந்த இடத்துக்குள்ள 0.127 செகண்ட் கழிஞ்சிருக்கும், அதனால சத்தம் 127 மில்லிசெகண்ட் முந்தி வந்திருக்கு. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவோட பிடி.1359 பரிந்துரைப்படி சத்தம் 45 மில்லிசெகண்ட் முந்தினாலே ஆளுங்க கண்டுபிடிச்சுடுவாங்க, பின்தங்கினா மட்டும் 125 வரைக்கும் தெரியாது. தூரத்துல நடக்கறதோட சத்தம் தாமதமா வர்றது நமக்குப் பழக்கம், முன்னாடி வர்றது இயற்கையில நடக்கவே நடக்காது, அதனால நாங்க சரி பண்றோம்னு நினைச்சு சத்தத்தை முன்னாடி தள்ளினது சில இடத்துல பழைய பிழையைவிட உறுத்தலா போயிடுச்சு.

நிஜமாவே நேர்கோடா வந்திருந்தா சீரா சுருக்கறதுதான் மருந்து, அப்பவும் ஒண்ணு கவனிக்கணும், எடிட்டர் வேகத்துல ரெண்டு தசம இடம்தான் ஏத்துக்கும்னா 0.01 சதவீதமே மணிக்கு 0.36 செகண்ட் ஆயிடும், இவ்வளவு சின்ன விலகலுக்கு அது போதாது, ஆடியோ மென்பொருள்லதான் செய்யணும். படிக்கட்டுக்கு அது மருந்தே இல்ல. நாங்க சுருக்கினதைத் தூக்கிப்போட்டுட்டு, மூல ஆடியோவைத் திரும்ப வெச்சு, மூணு ஒட்டுலயும் முந்தின ஃபைலோட கடைசி ஃப்ரேமை நாலு ஃப்ரேம் நிறுத்திப் பிடிச்சோம். ஆடியோவுல 0.16 செகண்ட் வெட்டியும் சரி பண்ணலாம்தான், ஆனா அந்த இடத்துல மேடம் ஒரு சூத்திரத்தைச் சொல்லிக்கிட்டு இருந்தாங்க, ஒரு எழுத்து விழுந்தாலும் அர்த்தம் மாறிடும். படம் நாலு ஃப்ரேம் நின்னா தேடிப் பார்த்தாத்தான் தெரியும்.

அப்புறம் ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒரு நிமிஷம் முன்னாடியும் ஒரு நிமிஷம் பின்னாடியும் அளந்தோம், ஆறு இடத்துலயும் ஒரு ஃப்ரேமுக்குள்ள நின்னுச்சு. விழுந்த ஃப்ரேமையே மீட்டிருக்கலாம், கார்டுல இருக்கற ஃபோல்டரை உள்ள இருக்கற சின்னச் சின்ன விவர ஃபைல்களோட அப்படியே முழுசா எடுத்திருந்தா, இந்தப் பிரிஞ்ச துண்டுகளைப் படிக்கத் தெரிஞ்ச எடிட்டர் அதை இடைவெளி இல்லாம தானே ஒட்டியிருக்கும், ஆனா நாங்க காரணத்தைக் கண்டுபிடிக்கறதுக்குள்ள கார்டை அழிச்சு அடுத்த வகுப்புக்குக் கொடுத்தாச்சு. இப்போ முழு ஃபோல்டரும் காப்பி ஆகி, 10 நிமிஷத்துக்கு ஒரு புள்ளி வெச்சு அளந்து முடிக்கற வரைக்கும் கார்டை யார் கையிலயும் கொடுக்கறதில்ல.