பிரான்சில் சொந்த வீடு: சந்திக் அனுப்பும் கூட்ட அழைப்பில் என்ன இருக்க வேண்டும்?

பிரான்சில் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு வீடு வாங்கினால் அந்தக் கட்டடத்தின் கூரை, படிக்கட்டு, மின்தூக்கி எல்லாவற்றிலும் நமக்கு ஒரு பங்கு வந்துவிடும். எல்லா உரிமையாளர்களும் சேர்ந்த அந்தக் கூட்டு உடைமையைக் கோப்ரோப்ரியெத்தே என்கிறார்கள். அதை நிர்வகிப்பவர் சந்திக். செலவுகளை முடிவு செய்வது ஆண்டுக்கு ஒருமுறையாவது கூடும் பொதுக்கூட்டம். லா கூர்னேவ், சார்செல் பக்கம் வீடு வாங்கியிருக்கும் நம்மவர்கள் பலர் அந்தக் கூட்டத்துக்கான தடித்த உறையைப் பிரிக்காமலே மேசையில் வைத்துவிடுகிறார்கள். பிறகு சில ஆயிரம் யூரோ கேட்டுக் கடிதம் வரும்போதுதான் என்ன நடந்தது என்று தேடுகிறார்கள். அந்த உறைக்குள் இருக்கும் கொன்வொகாசியோன், அதாவது கூட்ட அழைப்பு, சட்டப்படி எப்படி இருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இதற்கான விதிகள் 1965 ஜூலை 10 சட்டத்திலும் 1967 மார்ச் 17 ஆணையிலும் இருக்கின்றன. இரண்டும் பலமுறை திருத்தப்பட்டிருந்தாலும் அடிப்படை மாறவில்லை. கூட்டம் எதைப் பற்றி முடிவெடுக்கலாம் என்பதை அழைப்புதான் தீர்மானிக்கிறது. அழைப்பில் இல்லாத ஒன்றைக் கூட்டத்தில் பேசலாம், ஆனால் அதற்கு வாக்கெடுக்க முடியாது.

அழைப்பில் நாள், நேரம், இடம், நிகழ்ச்சி நிரல் நான்கும் இருக்க வேண்டும். கட்டடத்தின் விதிமுறைப் பத்திரம் வேறு மாதிரி சொல்லாத வரை, கட்டடம் இருக்கும் நகராட்சிக்குள்ளேதான் கூட்டம் நடக்க வேண்டும். உங்கள் வீடு சார்செலில் இருக்க, சந்திக் தன் வசதிக்காகப் பாரிஸ் நடுவில் இருக்கும் தன் அலுவலகத்துக்கு அழைத்தால், முதலில் விதிமுறைப் பத்திரத்தைப் புரட்டிப் பாருங்கள்.

கூட்டம் எவ்வளவு நேரம் நடக்கும் என்பதை எழுத வேண்டும் என்று ஆணை கேட்கவில்லை. தொடங்கும் நேரம் மட்டும்தான் இருக்கும். மாலை 6:30 என்று போட்டிருப்பார்கள். இருபது தீர்மானம் இருந்தால் இரவு பத்து மணி ஆனாலும் ஆச்சரியமில்லை. நிரலின் நீளத்தைப் பார்த்து நாமே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். பெரிய செலவுகள் பெரும்பாலும் நிரலின் பின்பாதியில்தான் வரும். இரவு வேலைக்குப் போக வேண்டும் என்று எட்டு மணிக்குக் கிளம்பினால், அதற்குப் பிறகு நடக்கும் வாக்கெடுப்புகளில் நீங்கள் வராதவர் கணக்கில் சேருவீர்கள். கிளம்பும்போது வேறொருவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்துவிட்டுப் போகலாம். கிளம்பிய நேரத்தைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள்.

அடுத்தது நாள் கணக்கு. அவசரம் இல்லாத சூழ்நிலையில், அழைப்புக்கும் கூட்டத்துக்கும் இடையில் குறைந்தது 21 நாள் இருக்க வேண்டும். எண்ண வேண்டியது கடிதத்தில் அச்சடித்த தேதியிலிருந்தோ, சந்திக் தபாலில் போட்ட நாளிலிருந்தோ அல்ல. பதிவுத் தபாலைத் தபால்காரர் உங்கள் முகவரிக்கு முதல் முறை கொண்டுவந்த நாளுக்கு மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். அன்று நீங்கள் வீட்டில் இருந்தீர்களா என்பது கணக்கில் வராது.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். கூட்டம் 2025 ஜூன் 18, புதன்கிழமை. சந்திக் மே 28 அன்று கடிதத்தைப் போடுகிறார். மறுநாள் மே 29 அசென்சியோன் விடுமுறை, தபால் இல்லை. 30ஆம் தேதி வெள்ளிக்கிழமை தபால்காரர் வருகிறார். நீங்கள் வேலையில் இருப்பதால் பெட்டியில் சீட்டு போட்டுவிட்டுப் போகிறார். மே 31 முதல் நாள் என்று எண்ணினால் ஜூன் 18 பத்தொன்பதாவது நாள்தான். 21 நாள் கிடைக்கவில்லை, அழைப்பில் குறை இருக்கிறது. இதையே கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். தபால்காரர் மே 26 அன்றே வந்திருக்கிறார், நீங்கள்தான் ஜூன் 7 அன்று தபால் நிலையத்துக்குப் போய் எடுத்தீர்கள். கையில் கிடைத்து பதினொரு நாளில் கூட்டம் வந்தாலும், சட்டப்படி இது சரியான அழைப்பு. மே 27இலிருந்து எண்ணினால் ஜூன் 18 இருபத்து மூன்றாவது நாள். அதனால் சீட்டு வந்ததும் போய் எடுத்துவிடுங்கள். உறையையும் தபால் சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள். முதல் முறை கொண்டுவந்த தேதிக்கு அதுதான் சாட்சி.

2024 ஏப்ரல் 9 சட்டத்துக்குப் பிறகு மின்னணுப் பதிவுத் தபாலே முதல் வழி ஆகிவிட்டது. அதில், சேவை நிறுவனம் உங்கள் மின்னஞ்சலுக்கு அறிவிப்பு அனுப்பிய நாளுக்கு மறுநாள் கணக்கு தொடங்கும். பழைய மின்னஞ்சல் முகவரியைச் சந்திக்கிடம் கொடுத்துவிட்டு அதைத் திறந்தே பார்க்காமல் இருந்தால் 21 நாளும் வீணாகிவிடும். காகிதமே வேண்டும் என்று எப்போது வேண்டுமானாலும் சந்திக்குக்கு எழுதிக் கேட்கலாம், அது உங்கள் உரிமை. கையெழுத்து வாங்கிக்கொண்டு நேரில் கொடுப்பதும் செல்லும். சாதாரண மின்னஞ்சலில் வந்த அழைப்பு செல்லாது.

இப்போது இணைப்புகள். எதை இணைத்தால்தான் வாக்கெடுப்பு செல்லும் என்று ஆணையின் 11ஆம் பிரிவு பட்டியல் போட்டிருக்கிறது. போன ஆண்டுக் கணக்கை ஏற்க வேண்டுமென்றால் நிதிநிலை அறிக்கையும் வரவுசெலவுக் கணக்கும் கூடவே வர வேண்டும். புது ஆண்டு வரவுசெலவுத் திட்டத்துக்கு, போன முறை ஏற்றுக்கொண்ட திட்டத்தோடு ஒப்பிட்டுக் காட்டிய வரைவு வேண்டும். சந்திக்கை அமர்த்தவோ நீட்டிக்கவோ வேண்டுமென்றால் அவருடைய ஒப்பந்த வரைவு வேண்டும். பெரிய வேலை என்றால் ஒப்பந்தத்தின் முக்கிய நிபந்தனைகள் வேண்டும், நடைமுறையில் அது தெவி எனும் விலைப்புள்ளிதான்.

பணத்தைத் தொடுவது இந்தக் கடைசிக் காகிதம்தான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். 9ஆம் தீர்மானம், கூரையைச் செப்பனிட 96,000 யூரோ என்று வைத்துக்கொள்வோம். கட்டடத்தின் மொத்தப் பங்கு 1,000 தான்தியெம், அதில் உங்கள் வீட்டுக்கு 42. உங்கள் தலையில் விழுவது 4,032 யூரோ. இந்த ஒரு கணக்கை அழைப்பு வந்த அன்றே போட்டுவிட வேண்டும். அப்புறம் தெவியைத் திறந்து பாருங்கள். தொகையில் வரி சேர்ந்திருக்கிறதா, சாரம் கட்டும் செலவு உள்ளே இருக்கிறதா, எத்தனை சதுர மீட்டர் என்று எழுதியிருக்கிறதா? வேலையைக் கவனித்துக்கொள்ளச் சந்திக் தனிக் கூலி கேட்டால், வேலைக்கு வாக்கெடுக்கும் அதே கூட்டத்தில்தான் அதற்கும் வாக்கெடுக்க வேண்டும். அது வரி நீங்கிய தொகையில் ஒரு சதவீதமாகக் கணக்கிடப்படும். நிரலில் கூரை வேலை இருந்து, தெவியோ நிபந்தனைகளோ இணைக்கப்படவில்லை என்றால், கூட்டத்தில் அச்சடித்துக் கொடுத்தால் போதாது. முன்கூட்டியே வந்திருக்க வேண்டும்.

எல்லாக் காகிதமும் உறையில் வராது. போன ஆண்டுச் செலவுக்கான ரசீதுகளைச் சந்திக் அலுவலகத்தில் போய்ப் பார்க்கலாம். அதற்கான இடம், நாள், நேரம் அழைப்பிலேயே எழுதியிருக்க வேண்டும், குறைந்தது ஒரு வேலை நாளாவது திறந்து வைக்க வேண்டும். யாருமே போவதில்லை என்பதால்தான் துப்புரவு ஒப்பந்தமும் மின்தூக்கிப் பராமரிப்பும் ஆண்டுதோறும் கேள்வியில்லாமல் ஏறுகின்றன என்பது என் எண்ணம். ஒரு மணி நேரம் ஒதுக்கி, போன ஆண்டை விட அதிகம் ஏறிய இரண்டு செலவுகளின் ரசீதை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

நேரில் போக முடியாதவர்களுக்கு இரண்டு தாள் கூடவே வரும். ஒன்று, வேறொருவரை அனுப்பும் பூவ்வார் எனும் அதிகாரத் தாள். பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டு அதைச் சந்திக்குக்கு அனுப்புவது நம்மிடையே சாதாரணமாக நடக்கிறது. சந்திக் தானே அதை வைத்துக்கொண்டு வாக்களிக்க முடியாது. உரிமையாளர் குழுத் தலைவரிடம் கொடுப்பார், அவர் யாருக்குத் தர நினைக்கிறாரோ அவருக்குப் போகும். உங்களுக்குத் தெரிந்த அண்டை வீட்டுக்காரர் பெயரை எழுதி, எந்தத் தீர்மானத்துக்கு எப்படி வாக்களிக்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுங்கள்.

மற்றது தபால் வாக்குத் தாள். கூட்டத்துக்கு மூன்று முழு நாள் முன்பே அது சந்திக் கைக்குப் போயிருக்க வேண்டும். நம் உதாரணத்தில் ஜூன் 15, 16, 17 மூன்றும் இடையில் இருக்க வேண்டும், அதாவது 14ஆம் தேதிக்குள். அது சனிக்கிழமை. அலுவலகம் மூடியிருக்கலாம், ஆகவே 13ஆம் தேதி வெள்ளிக்குள் சேர்த்துவிடுவது நல்லது. இன்னொன்று, நீங்கள் ஆம் என்று போட்ட தீர்மானத்தைக் கூட்டத்தில் திருத்திவிட்டால், அதற்கு நீங்கள் வராதவர் ஆகிவிடுவீர்கள்.

அழைப்பில் குறை இருக்கிறது, நாள் போதவில்லை, தெவி வரவில்லை என்றால் என்ன செய்வது? இங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள். முடிவை எதிர்த்து நீதிமன்றம் போகும் உரிமை எதிர்த்து வாக்களித்தவருக்கும் வராதவருக்கும் மட்டுமே உண்டு. ஆம் என்று வாக்களித்தவருக்குக் கிடையாது. ஆம், இல்லை எதுவும் சொல்லாமல் ஒதுங்கி நின்றவருக்கும் கிடையாது. தெவி இணைக்கப்படாத தீர்மானத்துக்கு வாக்கெடுத்தால் எதிராக வாக்களியுங்கள், அது குறிப்பில் உங்கள் பெயரோடு வரட்டும். கூட்டக் குறிப்பு ஒரு மாதத்துக்குள் உங்களுக்கு வர வேண்டும். அது வந்ததிலிருந்து இரண்டு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும், வழக்கறிஞர் கட்டாயம். சந்திக்குக்குப் பதிவுத் தபாலில் எவ்வளவு கடுமையாக எழுதினாலும் அந்த இரண்டு மாதம் நிற்காது. 21 நாள் விதி மீறப்பட்டிருந்தால், உங்களுக்கு என்ன நட்டம் என்று நிரூபிக்கத் தேவையில்லை. நீதிமன்றம் ரத்து செய்யும் வரை முடிவு நடைமுறையில் இருக்கும் என்பதால், பணம் கேட்டு வரும் கடிதத்தை அப்படியே விட்டுவிட வேண்டாம்.

அடுத்த கூட்டத்தில் உங்கள் கேள்வியே நிரலில் வர வேண்டுமா? எப்போது வேண்டுமானாலும் சந்திக்குக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அழைப்பு தயாராவதற்கு முன் போய்ச் சேர்ந்தால் அவர் அதைச் சேர்த்தாக வேண்டும். தாமதமானால் அதற்கடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். கேள்வியை மட்டும் எழுதாமல், வாக்குக்கு விடக்கூடிய தீர்மானமாகவே எழுதி அனுப்புங்கள். வெளிச்சுவரில் ஏசி பொருத்துவது போலப் பொது இடத்தைத் தொடும் சொந்த வேலை என்றால், எங்கே, எப்படிச் செய்யப் போகிறீர்கள் என்று காட்டும் வரைபடத்தையும் நீங்கள்தான் கூட இணைக்க வேண்டும்.