ஈட்டும் திறன் இழப்பு: ஒரு சொல், இரண்டு சதவீதங்கள்

பவர் பிரஸ்ஸில் விரல் போனவர் இஎஸ்ஐ மெடிக்கல் போர்டு முடிந்து வெளியே வந்ததும் கூட வேலை செய்பவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை பர்சன்ட் போட்டாங்க?" என்பதைத்தான். அந்தப் பர்சன்ட் எதன் பர்சன்ட் என்று கேட்பவர் குறைவு. உடலில் எவ்வளவு பழுது என்பதைச் சொல்லும் எண் ஒன்று, சம்பாதிக்கும் வலுவில் எவ்வளவு குறைந்தது என்பதைச் சொல்லும் எண் வேறொன்று. இஎஸ்ஐ வாழ்நாள் முழுக்கத் தரும் நிரந்தர ஊனப் பலன் இரண்டாவது எண்ணை வைத்தே கணக்காகிறது. ஆங்கிலச் சட்டமொழியில் அதற்கு ‘லாஸ் ஆஃப் எர்னிங் கெபாசிட்டி’ என்று பெயர். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் 1948-இன் இஎஸ்ஐ சட்டத்திலும் வேரூன்றிய இந்தச் சொல், அவற்றின் இடத்தில் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் தொடர்கிறது.

தமிழில் இதை ‘ஊன சதவீதம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. ஊனம் என்பது ‘குறைவு’ என்ற பொருளுள்ள வடசொல்லின் வழி வந்தது. அது உடலின் குறையைச் சொல்லும், பிழைப்பைப் பற்றி எதுவும் சொல்லாது. ‘வருமான இழப்பு’ என்பதும் பொருந்தாது. விபத்துக்குப் பின் அதே சம்பளத்தில் வேலை பார்ப்பவருக்கு வருமானம் குறையவில்லை, ஆனால் திறன் குறைந்திருக்கலாம். நிரந்தரப் பகுதி ஊனம் என்பதற்கு இஎஸ்ஐ சட்டம் தந்த விளக்கம் இதுதான்: விபத்து நடந்த நேரத்தில் அவர் என்னென்ன வேலைகள் செய்யக்கூடியவராக இருந்தாரோ, அவை எல்லாவற்றிலும் அவர் சம்பாதிக்கும் திறனைக் குறைக்கும் ஊனம். அளவுகோல் இன்றைய சம்பளச் சீட்டு அல்ல. ‘அதே கூலிதானே வாங்குகிறாய்’ என்று சொல்லி இந்தப் பலனை மறுக்க முடியாததற்குக் காரணம் இதுவே.

‘ஈட்டுதல்’ நல்ல பழஞ்சொல். ஈண்டுதல் என்றால் சேர்தல், ஈட்டுதல் என்றால் சேர்த்தல். ‘இயற்றலும் ஈட்டலும்’ என்று குறளே பொருள் சேர்ப்பதைச் சொல்கிறது. அதனால் ‘ஈட்டுத்திறன் இழப்பு’ என்று பலர் எழுதுகிறார்கள். அதில் ஒரு சிறு சிக்கல் உண்டு. ‘இழப்பீடு’ என்பதிலுள்ள ‘ஈடு’ வேறு சொல். அதுவும் அடுத்த சொல்லோடு சேரும்போது ‘ஈட்டு’ ஆகிவிடும். இழப்பீடு பற்றிய தாளில் ‘ஈட்டுத்திறன்’ என்று படிப்பவர், ஈடு தொடர்பான ஏதோ ஒன்று என்று நினைக்க இடமுண்டு. ‘ஈட்டும் திறன் இழப்பு’ என்று பிரித்து எழுதினால் குழப்பம் தீர்கிறது. மனுவில் ‘சம்பாதிக்கும் திறன் இழப்பு’ என்று எழுதினாலும் குற்றமில்லை. புரிவதுதான் முக்கியம்.

எண் எப்படி வருகிறது? சட்டத்தின் அட்டவணையில் காயங்களும் அவற்றுக்குரிய சதவீதமும் அச்சாகியிருக்கின்றன. கட்டைவிரல் முழுதும் போனால் 30. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, இரண்டு கணு போனால் 11, ஒரு கணு போனால் 9, எலும்பு போகாமல் நுனி மட்டும் சீவிப்போனால் 5. பலன் என்பது சராசரி நாட்கூலியில் 90 சதவீதத்தை எடுத்து, அதில் இந்தச் சதவீதம். நாட்கூலி ₹600 என்றால் 90 சதவீதம் ₹540. நுனி மட்டும் என்று போர்டு எழுதினால் நாளுக்கு ₹27. ஒரு கணு என்று எழுதினால் ₹48.60. முப்பது நாளுக்கு ₹648 வித்தியாசம், அதுவும் ஆயுள் முழுக்க.

இந்த வித்தியாசத்தைத் தீர்மானிப்பது ஒரே ஒரு எக்ஸ்ரே. டிஸ்சார்ஜ் சம்மரியில் பெரும்பாலும் ‘ஆள்காட்டி விரல் நுனி நசுங்கல், சுத்தம் செய்து தையல்’ என்ற அளவில்தான் இருக்கும். எலும்பு போனதா என்ற வரி இருக்காது. அட்மிட் ஆனபோது எடுத்த எக்ஸ்ரேயை மட்டும் கொண்டுபோனாலும் போதாது. தோலை இழுத்து மூட வேண்டுமென்று சர்ஜன் அறுவை அரங்கில் எலும்பைக் கொஞ்சம் கத்தரித்துக் குறைப்பது வழக்கம். அந்த இழப்பும் விபத்தின் விளைவுதான், ஆனால் முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாது. ஆகவே ஆபரேஷனுக்குப் பின் எடுத்த எக்ஸ்ரேயும், எந்த மட்டத்தில் எலும்பு குறைக்கப்பட்டது என்று சொல்லும் ஆபரேஷன் குறிப்பின் நகலும் வேண்டும். ஆறிய காயத்தை மேலே பார்த்து எலும்பின் அளவைச் சொல்ல முடியாது.

விரல் இருக்கிறது, ஆனால் மடங்கவில்லை என்றால்? உறுப்பின் பயன்பாடு முழுமையாக, நிரந்தரமாகப் போனால் அது உறுப்பே போனதற்குச் சமம் என்று அட்டவணைக் குறிப்பு சொல்கிறது. பாதி மடங்கும் விரல் இதில் வராது. அட்டவணையில் இல்லாத காயமாக அதைப் போர்டு தானே மதிப்பிடும். அங்கே ‘கை சரியாக வேலை செய்யவில்லை’ என்ற மருத்துவரின் ஒரு வரிச் சான்று எடுபடாது. ஒவ்வொரு மூட்டும் எத்தனை டிகிரி மடங்குகிறது, பிடிவலு நல்ல கையோடு ஒப்பிட எவ்வளவு, நரம்பு பாதித்திருந்தால் நரம்புக் கடத்தல் சோதனை என்ன சொல்கிறது என்று அளந்த எண்களே எடுபடும். இவை பிசியோதெரபி முடிந்து, இனி மாற்றம் வராது என்ற நிலையில் எடுத்தவையாக இருக்க வேண்டும். மூன்றாம் வாரத்தில் எடுத்த அளவு நிரந்தரத்துக்குச் சான்றாகாது.

மாற்றுத்திறனாளி அட்டையிலுள்ள சதவீதத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அது உடல் அளவு. அதிலும் ஒரு கைக்கு 45 என்று எழுதியிருந்தால் உடல் முழுதுக்கும் 45 ஆகாது. 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய் குமார் என்ற வாகன விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னது: ஊனம் எவ்வளவு என்று மருத்துவர் சொல்லலாம், சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பதைத் தீர்ப்பாயம்தான் முடிவு செய்ய வேண்டும். இடது கை போனால் ஓட்டுநருக்கும் தச்சருக்கும் இழப்பு நூறை ஒட்டி வரலாம், அரசு எழுத்தருக்கு வேலையே போகாமல் இருக்கலாம் என்று அது உதாரணமும் தந்தது. வைத்தியம் பார்க்காத மருத்துவர் கேட்டதும் எழுதித்தரும் சான்றிதழ்களைக் குறித்தும் எச்சரித்தது.

தச்சர் உதாரணத்துக்கு முன்னோடி உண்டு. பிரதாப் நாராயண் சிங் தேவ் எதிர் ஸ்ரீநிவாச சபதா வழக்கில் (1975) தச்சர் ஒருவரின் இடது கை முழங்கைக்கு மேல் போயிருந்தது. அட்டவணைப்படி இது பகுதி ஊனம்தானே என்றது முதலாளி தரப்பு. ஒரு கையால் தச்சுவேலை செய்ய முடியாது என்று கூறி, முழு இழப்பு என்பதை நீதிமன்றம் உறுதி செய்தது.

ஆகவே மருத்துவத் தாள்களோடு வேலையைச் சொல்லும் தாளும் சேர வேண்டும். போர்டில் இருப்பவர்கள் மருத்துவர்கள், பிரஸ் ஓட்டியவர்கள் அல்லர். ‘மெஷின் ஆபரேட்டர்’ என்ற பதவிப் பெயர் அவர்களுக்கு எதையும் காட்டாது. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்த வேண்டும், தகட்டை ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் இடையில் பிடித்துத் தள்ள வேண்டும் என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் நாலு வரி வாங்கிப்போவது நல்லது. போர்டு முடிவில் எந்தக் காயம், எந்த மட்டம், எத்தனை சதவீதம் என்று எழுதியிருப்பதைப் படித்து, தாள் கையில் கிடைத்த தேதியை அதன் ஓரத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போவதாக இருந்தால் அந்தத் தேதியைத்தான் முதலில் கேட்பார்கள்.