ஒரு மீட்டர் கதவு, ஐந்து சென்டிமீட்டர் ஆன கதை

போன வாரம் ஏழாம் வகுப்பில் வகுப்பறையையே அளந்து வரையச் சொன்னேன். நீளம் 8 மீட்டர், அகலம் 6 மீட்டர், கதவு 1 மீட்டர். நோட்டுத் தாளில் நீளம் 12 சென்டிமீட்டராக வரவேண்டும், மற்றதை நீங்களே கண்டுபிடியுங்கள் என்று விட்டுவிட்டேன். ஒரு பையன் அகலத்தை 10 சென்டிமீட்டர் என்று போட்டான். கதவை 5 சென்டிமீட்டர் போட்டான். சுவரில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு கதவு. லாரியே உள்ளே வரலாம்.

"எப்படிடா அஞ்சு?" என்றேன்.

"எட்டு பன்னெண்டாச்சுல்ல டீச்சர். நாலு கூடியிருக்கு. அப்போ ஆறு பத்து, ஒண்ணு அஞ்சு."

இவன் குறுக்குப் பெருக்கலில் முழு மதிப்பெண் வாங்குகிறவன். போன தேர்வில் விகிதசமக் கணக்கு ஒன்றைக்கூட விடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இந்த ஆண்டில் மட்டும் இப்படி எத்தனை பேரைப் பார்த்துவிட்டேன் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

இது கவனக்குறைவு இல்லை. "சில்லி மிஸ்டேக்" என்று சிவப்பு மையில் எழுதி நகர்கிறோமே, அதுவும் இல்லை. அந்தப் பிள்ளையிடம் ஒரு விதி இருக்கிறது. ஒரு அளவு எவ்வளவு கூடியதோ, மற்றதும் அவ்வளவே கூடவேண்டும் என்பது அந்த விதி. அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையே உள்ள வயது வித்தியாசத்துக்கு அது சரியாகவே பொருந்துகிறது, அதனால் அதை அவன் நம்புகிறான். கேள்வியில் "விகிதம்" என்ற சொல் இருந்தால் குறுக்குப் பெருக்கல் போடுகிறான். சொல் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் பழைய விதிதான் வேலை செய்கிறது. நாம் சூத்திரத்தை அதன் மேலே ஒட்டியிருக்கிறோம், பழையதைக் கழற்றவில்லை.

சமையல் குறிப்பை வைத்து நடத்தினால் இது சரியாகிவிடும் என்று நானும் பல வருடம் நம்பினேன். சிக்கல் என்னவென்றால், நாம் கொடுக்கும் கணக்கு எப்போதும் "4 பேருக்கு இவ்வளவு, 8 பேருக்கு எவ்வளவு?" என்றே இருக்கிறது. இரட்டிப்பாக்கத் தெரிந்த எந்தக் குழந்தையும் சரியாகச் செய்துவிடும். உள்ளே இருக்கும் கூட்டல் விதி வெளியே தலைகாட்டவே தலைகாட்டாது. தயவுசெய்து இரட்டிப்பில் ஆரம்பித்து இரட்டிப்பிலேயே முடிக்காதீர்கள்.

நான் இப்போது ரவை உப்புமாவை எடுத்துக்கொள்கிறேன். 2 டம்ளர் ரவைக்கு 5 டம்ளர் தண்ணீர். 3 டம்ளர் ரவைக்கு? வகுப்பில் கணிசமான பேர் 6 என்பார்கள். சரியான விடை ஏழரை. இங்கேதான் சமையலின் இன்னொரு பலவீனம் வருகிறது. 3 டம்ளர் ரவையை 6 டம்ளர் தண்ணீரில் கிளறினாலும் உப்புமா வந்துவிடும். கொஞ்சம் உதிரியாக இருக்கும், வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிடுவார்கள். தப்பும் சேர்ந்து வயிற்றுக்குள் போய்விடும்.

அதனால் கணக்கைப் பின்னோக்கி ஓட்டச் சொல்லுவேன். உன் முறைப்படி 3 டம்ளருக்கு 6. 2 டம்ளருக்கு 5. 1 டம்ளருக்கு? 4. சரி, ரவையே போடவில்லை, அப்போது? சொல்லிக்கொண்டே வந்த பிள்ளை "மூணு" என்று வாய் வரை வந்து நிற்கும். ரவை இல்லாத உப்புமாவுக்கு 3 டம்ளர் தண்ணீர்! சிரிப்பு அடங்கியதும் ஒரு டம்ளர் ரவைக்கு இரண்டரை என்பதை அவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள். நான் வாயைத் திறக்கத் தேவையில்லை. (அடுப்பில் வைக்கும் நேரத்தை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். ஒரு தட்டு இட்லி வேக 10 நிமிடம் என்றால் நாலு தட்டுக்கு 40 நிமிடம் என்று எழுதுகிற பிள்ளையும் இருக்கிறது. எது விகிதத்தில் கூடும், எது கூடாது என்பதையும் கேட்டே ஆகவேண்டும்.)

ஆனாலும் சிரித்த பிள்ளையே மறுநாள் படம் வரையும்போது நாலைக் கூட்டும். அதற்குத்தான் வெட்டி ஒட்டும் வேலை. பிரான்சில் கீ புருசோ என்ற கணிதக் கல்வி ஆய்வாளர் செய்துகாட்டிய வேலை இது. துண்டு அளவுகளை மட்டும் நான் எளிதாக்கிக்கொண்டேன்.

10 சென்டிமீட்டர் சதுர அட்டை ஒன்று. மேல் வரிசையின் உயரம் 4, அதில் இரண்டு துண்டுகள், அகலம் 4, 6. கீழ் வரிசையின் உயரம் 6, அதில் மூன்று துண்டுகள், அகலம் 2, 3, 5. மொத்தம் ஐந்து துண்டு, ஐந்து குழு. "4 சென்டிமீட்டர் இருப்பது 7 ஆகவேண்டும். ஆளுக்கொரு துண்டைப் பெரிதாக்கி வெட்டி வாருங்கள், சேர்த்து வைத்தால் மறுபடி சதுரம் வரவேண்டும்." இவ்வளவுதான் சொல்லவேண்டும். குழுக்கள் ஒன்றையொன்று பார்க்கக்கூடாது.

பெரும்பாலும் எல்லாரும் 3 கூட்டுவார்கள். மேல் வரிசை 7, 9. கூட்டினால் 16. கீழ் வரிசை 5, 6, 8. கூட்டினால் 19. மேசையில் வைத்தால் கீழ் வரிசை மூன்று சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். உடனே சண்டை. "நீதான் கோணலா வெட்டிட்ட", "இல்ல, அவங்க ஸ்கேல் உடைஞ்சது". ஸ்கேலை வைத்து எல்லாத் துண்டையும் அளப்பார்கள், எல்லாம் சரியாக இருக்கும். அந்த இடத்தில் ஒரு நிமிடம் அமைதியாக இருங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், விடையைச் சொல்லிவிடாதீர்கள். யாராவது ஒருத்தி பார்த்துவிடுவாள். மேலே இரண்டு துண்டு, அதனால் மூன்றை இரண்டு தடவை கூட்டினோம். கீழே மூன்று துண்டு, மூன்று தடவை கூட்டினோம். அதுதான் நீட்டிக்கொண்டிருக்கிறது.

பிறகு 4 ஏழானால் 2 என்னவாகும் என்று கேட்டால் மூன்றரை வரும். அதிலிருந்து 1 என்பது 1.75. மேல் வரிசை 7, 10.5. கீழ் வரிசை 3.5, 5.25, 8.75. இரண்டும் 17.5. உயரத்தையும் 7, 10.5 என்று திருத்தி மறுபடி வெட்டினால் துண்டுகள் சதுரமாக உட்காரும்.

இரண்டு பீரியடு முழுதாகப் போய்விடும். பாடம் முடியவில்லையே என்று தலைமையாசிரியர் கேட்பார். 4, 7 ஆவதற்குப் பதில் 6 ஆவதாக வைத்தால் வெட்டுவது எளிது, ஆனால் "பாதி கூடியிருக்கு" என்று சிலர் நேராகச் சரியான விடைக்குப் போய்விடுவார்கள். சண்டை வராது. 8 ஆக வைத்தால் பழைய இரட்டிப்புக் கதைதான். 5.25ஐ அளக்கச் சிரமப்பட்டால் கட்டம் போட்ட நோட்டுத் தாளை அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள், அதற்காக 7ஐ மாற்றிவிடாதீர்கள்.

கதவு வரைந்தவன் அடுத்த நாள் தானாகவே தாளைக் கேட்டு வாங்கினான். 8 மீட்டர் 12 சென்டிமீட்டர், எனில் 1 மீட்டர் ஒன்றரை என்று முதலில் கதவைத் திருத்தினான். பிறகுதான் அகலத்தைப் பார்த்தான். 10ஐ அடித்து 9 போட்டான். பார்த்தீர்களா, அந்த 10 கண்ணுக்கு உறுத்தவே இல்லை. ஒரே ஒரு சென்டிமீட்டர்தான் வித்தியாசம், நானே திருத்தும்போது விட்டிருப்பேன். கதவுதான் காட்டிக்கொடுத்தது. அதனால் தேர்வுக்குப் படக் கணக்கு எடுப்பவர்கள் ஒரு சின்ன அளவையும் சேர்த்துக் கேளுங்கள். கதவோ, ஜன்னலோ, மூலையில் இருக்கும் குப்பைத்தொட்டியோ, ஏதோ ஒன்று.