"அது என் டேஸ்ட்" என்று எழுதுவதற்கு முன்

டேட்டிங் ஆப்பில் "நல்ல கலராக இருப்பவர்கள் மட்டும்" என்றோ, "இன்ன இனத்தவர் வேண்டாம், தப்பாக நினைக்காதீர்கள், அது என் டேஸ்ட்" என்றோ ஒருவர் எழுதியிருந்தால் அது சரியா என்று கேட்டுப் பாருங்கள், அந்த இடத்திலேயே இரண்டு கட்சி பிரிந்துவிடும். யாரைப் பிடிக்க வேண்டும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்பது ஒரு கட்சி. இது அப்பட்டமான இனவெறி என்பது மற்றொன்று. உறவுச் சிக்கல்களோடு வருகிறவர்களிடம் பேசுவது என் தொழில். என் அறையில் இந்த இரண்டு பதிலும் பெரிதாக உதவுவதில்லை. முதலாவது யோசிக்க விடாமல் கதவைச் சாத்திவிடுகிறது, இரண்டாவது எதிரில் இருப்பவரின் வாயை அடைத்துவிடுகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈர்ப்பு என்பது யாருக்கும் யாரும் பட்டிருக்கும் கடன் அல்ல. "நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை" என்று நிரூபிப்பதற்காக, மனம் ஒட்டாத ஒருவரோடு பழகுவது அந்த மனிதருக்குச் செய்யும் இன்னொரு அநியாயம். அதனால் யாரை விரும்புகிறீர்கள் என்பதற்குள் நான் போகவில்லை. எனக்கு அக்கறை, ஆளைப் பார்ப்பதற்கு முன்பே ப்ரொஃபைலில் போட்டு வைக்கும் அந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

ஒருவருடைய கதையைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். முப்பதைத் தாண்டியவர், நல்ல வேலை, பேச்சிலும் பண்பானவர். ஆப்பில் வெகுநாளாக இருந்தும் எதுவும் கைகூடவில்லை, தன்னிடம்தான் ஏதோ குறை என்று நம்பிக்கொண்டு வந்திருந்தார். ப்ரொஃபைலைப் படித்துக் காட்டச் சொன்னேன். பயணம், இசை, நாய்கள் எல்லாம் வந்தன, கடைசியில் "கருப்பு நிறத்தவர்கள் தயவுசெய்து ஸ்வைப் செய்ய வேண்டாம்" என்ற வரியும் வந்தது. படிக்கும்போது மற்ற வரிகளைவிட அதை மட்டும் கொஞ்சம் வேகமாகப் படித்தார். கேட்டதற்கு, "டேஸ்ட்தானே மேடம், சிலருக்கு உயரமானவர்களைப் பிடிக்கும், எனக்கு இது" என்றார்.

சரி, டேஸ்ட் என்றே வைத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டு வேறு ஒரு கேள்வி கேட்டேன். ஆப்பையெல்லாம் மறந்துவிடுங்கள், கடைசியாக நேரில் யாரைப் பார்த்து மனம் தடுமாறியது? வெகுநேரம் யோசிப்பார் என்று நினைத்தேன், உடனே சொன்னார். முன்பு வேலை பார்த்த இடத்தில் உடன் இருந்த ஒரு பெண். அவருடைய சிரிப்பு, மீட்டிங்கில் எல்லோரும் மழுப்பும்போது நேராகக் கேள்வி கேட்கும் விதம், ஃபைலைப் புரட்டிக்கொண்டே பேனாவைக் காதில் செருகிக்கொள்வது வரை ஞாபகம் வைத்திருந்தார். அவர் என்ன நிறம் என்று கேட்டேன். கொஞ்சம் நிறுத்தி, "கருப்புதான்" என்றார்.

அப்புறம் ஏன் பேசவில்லை? பதில் துண்டு துண்டாகத்தான் வந்தது. நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். ஒன்றாகப் போட்டோ எடுத்தால் அவர் எப்படித் தெரிவார். வீட்டில் என்ன சொல்வார்கள். நாளைக்குக் குழந்தை பிறந்தால். இந்தப் பட்டியலில் எங்கேயாவது அவருடைய கண்ணோ மனமோ இருக்கிறதா பாருங்கள். அவருடைய ரசனை அந்தப் பெண்ணிடம் போய் நின்றிருக்கிறது. ப்ரொஃபைலில் இருந்த வரி நண்பர்களும் குடும்பமும் எழுதியது, அவர் டைப் மட்டும் செய்திருக்கிறார்.

எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்லமாட்டேன். ஆனால் ரசனையா, முன்முடிவா என்று பிரித்துப் பார்க்க எனக்கு அதிகம் உதவுவது இந்தக் கேள்விதான்: அந்த விருப்பத்தை மீறி நேரில் யாரையாவது பிடித்திருக்கிறதா, பிடித்தபோது என்ன செய்தீர்கள்? ரசனையாக இருந்தால் விதிவிலக்கு வரும்போது மனிதர்கள் ஆச்சரியப்படுவார்கள், "எனக்கே தெரியவில்லை, பிடித்துவிட்டது" என்று சிரிப்பார்கள். முன்முடிவு இருக்கும் இடத்தில் அதே விதிவிலக்கு வெட்கத்தைக் கொண்டுவரும், மறைக்கத் தோன்றும். உயரமானவரைப் பிடிக்கும் என்று சொல்கிறவர் குள்ளமான ஒருவரைக் காதலித்துவிட்டதற்காக என் முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை. (குள்ளமானவர்களும் கேலிக்கு ஆளாகிறார்கள் என்பது உண்மை, அதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.)

இதைப் பற்றி ஆய்வுகளும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஓர்பால் மற்றும் இருபால் ஈர்ப்புள்ள ஆண்கள் 2,000 பேருக்கும் மேல் கலந்துகொண்ட ஓர் ஆய்வு 2015ல் வெளியானது. டென்டன் கேலண்டரும் உடன் ஆய்வாளர்களும் செய்தது. டேட்டிங் தளங்களில் இன விருப்பத்தை எழுதுவது தப்பில்லை என்று கருதியவர்கள், பொதுவான இனப் பாகுபாட்டை அளக்கும் கேள்விகளுக்கு எப்படிப் பதில் சொன்னார்கள் என்று பார்த்தார்கள். இரண்டும் தனித்தனி விஷயமாக இல்லை, ஒன்றோடொன்று தொடர்புடையதாகவே இருந்தன. எழுதுகிற ஒவ்வொருவரும் இனவெறியர் என்று இதற்கு அர்த்தமில்லை, சராசரியில் தெரியும் தொடர்பை ஒரு ஆளின் நெற்றியில் ஒட்ட முடியாது. ஆனால் "படுக்கையறை விருப்பத்துக்கும் சமூகப் பார்வைக்கும் சம்பந்தமே இல்லை" என்ற வாதம் நிற்கவில்லை.

2019ல் மைக்கேல் தாய் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் வெளியிட்டது இன்னும் சுவாரசியம். இன விருப்பத்தை எழுதிய ப்ரொஃபைலையும் எழுதாததையும் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். எழுதியவர் அதிக இனவெறி உள்ளவராகவும், குறைந்த ஈர்ப்புள்ளவராகவும், பழக அவ்வளவு தோன்றாதவராகவும் தெரிந்தார். "அப்படி எழுதுவது இனவெறி இல்லை" என்று வாயால் சொன்னவர்களுக்கும் இதே எண்ணம்தான் வந்தது. நான் சொன்ன அந்த நபருக்கு இது புதுச் செய்தி. தன் வரி கருப்பானவர்களை மட்டும்தான் விலக்குகிறது என்று நினைத்திருந்தார், அவர் எதிர்பார்த்த "நல்ல கலர்" ஆட்களும் அதைப் படித்துவிட்டு நகர்ந்திருக்கலாம் என்று தோன்றவே இல்லை.

வரியின் மறுபக்கத்தில் இருப்பவர்களும் என்னிடம் வருகிறார்கள். ஒரு பெண் சொன்னது: "ஒருத்தர் என்னை வேண்டாம்னு சொன்னா வலிக்கும், ஆனா அது அவரோட முடிஞ்சிடும். இதுல என்னைப் பார்க்காமலே சொல்றாங்க. எதை மாத்திக்கணும்னு யோசிச்சா, தோலைத்தான் மாத்தணும்." இதில் ஒரு விசித்திரம் என்னவென்றால், அவரை அதிகம் காயப்படுத்தியது மறுப்புகூட இல்லை. "எனக்குக் கருப்புப் பெண்கள் என்றால் உயிர், உங்களிடம் ஒரு நெருப்பு இருக்கும்" என்று முதல் மெசேஜிலேயே வழிந்தவர்கள்தான். பாராட்டுபோலத்தான் தெரியும். ஆனால் அவருடைய பெயரைக்கூடக் கேட்காமல், ஒரு கூட்டத்தைப் பற்றிய கற்பனையை அவர் மேல் போர்த்தி அனுப்பிய மெசேஜ் அது. அதே வாசகம் எத்தனை பேருக்குப் போயிருக்குமோ என்ற சந்தேகம் வராமல் இருக்குமா? ஆக, "வேண்டாம்" என்றால் தப்பு, "வேண்டும்" என்றால் மரியாதை என்று கணக்குப் போட முடியாது. இரண்டிலும் நிறம்தான் தெரிகிறது, ஆள் தெரியவில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால் அநியாயமாகிவிடும். பல முறை நிறத்துக்காக அவமானப்பட்ட ஒருவர், "என் இனத்தைச் சேர்ந்தவரோடுதான் நிம்மதியாக இருக்க முடிகிறது, வீட்டுக்குள்ளும் விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது" என்றால், அதை முதல் நபரின் வரியோடு ஒரே தராசில் வைக்கமாட்டேன். அது காயத்திலிருந்து வரும் தற்காப்பு. அதையும் பேசலாம், ஆனால் அவசரப்படுத்தமாட்டேன்.

ஆப்புகளும் இந்த விஷயத்தில் சும்மா இருந்துவிடவில்லை. 2020 ஜூனில் ஓர்பால் ஈர்ப்புள்ள ஆண்கள் அதிகம் பயன்படுத்தும் டேட்டிங் ஆப்பான கிரைண்டர் தன் இன ஃபில்டரை நீக்குவதாக அறிவித்தது, அதே மாதம் திருமணத் தளமான ஷாதி டாட் காம் பயனர்களின் எதிர்ப்பைத் தொடர்ந்து தோல் நிறம் சார்ந்த ஃபில்டரை எடுத்தது. நல்லதுதான். ஃபில்டர் என்பது விருப்பத்தைக் கேட்டு வாங்கும் வெறும் பெட்டி இல்லை, "இதுவும் தேர்ந்தெடுக்க வேண்டிய விஷயம்" என்று நமக்குச் சொல்லியும் கொடுக்கிறது. பெட்டி இருந்தால் டிக் அடிக்கத்தான் தோன்றும். ஆனால் பெட்டியை எடுத்ததோடு எல்லாம் மாறிவிடாது, கட்டைவிரல் அதே வேலையை ஸ்வைப்பில் செய்துவிடும்.

சரி, என்னதான் செய்வது? நான் அந்த நபரிடம் சொன்னது சின்ன விஷயம். வரியை எடுத்துவிடுங்கள், ஃபில்டர் இருந்தால் கொஞ்ச காலம் அணைத்து வையுங்கள், யாரையும் வலிந்து தேர்ந்தெடுக்க வேண்டாம். வழக்கமாக நகர்த்திவிடும் ஒருவர் முதலில் மெசேஜ் அனுப்பினால் மட்டும், ஆள் சுவாரசியமாகத் தெரிந்தால் பதில் போடுங்கள். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கெவின் லூயிஸ் என்ற சமூகவியலாளர் ஓகேக்யூபிட் என்ற டேட்டிங் தளத்தின் பயனர்களுடைய உரையாடல் தரவுகளை ஆராய்ந்து 2013ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வேற்று இனத்தவரிடமிருந்து வந்த மெசேஜுக்குப் பதில் சொன்னவர்கள், அடுத்த சில நாட்களில் தாங்களாகவே வேற்று இனத்தவரை அணுகுவதும் அதிகரித்தது. தயக்கத்தின் ஒரு பகுதி வெறுப்பு அல்ல, "அவர்களுக்கு நம்மைப் பிடிக்காது" என்ற ஊகம் என்பது அவர் தரும் விளக்கம். அந்த மாற்றம் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், பழைய வழக்கம் திரும்பிவிட்டது. அதனால் ஒரு மெசேஜில் மனிதர் மாறிவிடுவார் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

அவர் வரியை எடுத்தார், உடனே இல்லை, "எல்லோரும் மெசேஜ் போட்டால் என்ன செய்வது" என்று சில வாரம் இழுத்தடித்தார். எல்லோரும் போடவில்லை. கருப்பான பெண் ஒருவரோடு சில மாதம் பழகினார், பிரிந்தும்விட்டார்கள். காரணம் நிறம் இல்லை, மெசேஜ் அனுப்பினால் இரண்டு நாள் கழித்துப் பதில் போடும் அவருடைய பழக்கத்தை அந்தப் பெண்ணால் தாங்க முடியவில்லையாம். இப்போது நாங்கள் பேசிக்கொண்டிருப்பது அதைப் பற்றித்தான்.