ஸ்டட் பள்ளத்தின் எந்தப் பக்கம் நிற்கிறது?

எஃகு உத்திரத்தின் மேல் நெளிவுத் தகட்டை விரித்து, அதன் மேல் கான்கிரீட் ஊற்றிவிட்டால் இரண்டும் தானாகவே ஒன்றாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. இடையில் பிடிப்பு இல்லாவிட்டால் கான்கிரீட் பலகம் தனியாக வளையும், உத்திரம் தனியாக வளையும். பாரம் ஏறும்போது பலகத்தின் அடிப்பகுதி நீளப் பார்க்கிறது. அதைத் தொட்டிருக்கும் உத்திரத்தின் மேல்பகுதியோ சுருங்கப் பார்க்கிறது. அதனால் பலகம் நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி வழுக்குகிறது. அந்த வழுக்கலைத் தடுப்பதே, உத்திரத்தின் மேல் செங்குத்தாகப் பற்றவைக்கும் எஃகு முளையான ஸ்டட்டின் வேலை. அதன் தலை அகலமாக இருப்பது, பலகம் மேலே எழும்பிவிடாமல் பிடித்துக்கொள்வதற்காக.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 9 மீட்டர் நீள உத்திரம், இரு முனைகளிலும் எளிய தாங்கல். எஃகின் குறுக்குப் பரப்பு 5000 சதுர மில்லிமீட்டர், வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 355 நியூட்டன். பெருக்கினால் 1775 கிலோ நியூட்டன். தகட்டுக்கு மேலுள்ள கான்கிரீட் இதைவிட அதிகம் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் முழுப் பிணைப்புக்கு, முனையிலிருந்து நடு வரையுள்ள ஸ்டட்கள் சேர்ந்து இந்த 1775-ஐக் கடத்த வேண்டும். ஆனால் ஸ்டட்டை நினைத்த இடத்தில் வைக்க முடியாது. தகட்டின் பள்ளங்களில்தான் வைக்கலாம். 300 மில்லிமீட்டருக்கு ஒரு பள்ளம் என்றால் பாதி நீளத்தில் 15 பள்ளங்கள். பள்ளத்துக்கு ஒன்றாக வைத்தால், 19 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்டட் ஒன்றுக்குப் பள்ளத்தின் வடிவத்துக்கான குறைப்புபோக ஏறத்தாழ 62.5 கிலோ நியூட்டன் கிடைக்கிறது. மொத்தம் 930 சொச்சம். அதாவது தேவையில் 53 சதவீதம்.

இதுவே பகுதிப் பிணைப்பு. தவறில்லை, அன்றாடம் செய்வதுதான். ஆனால் இந்த நீளத்துக்கு ஐரோப்பிய விதியான யூரோகோட் 4 கேட்கும் குறைந்தபட்சம் 52 சதவீதம். பதினைந்தில் ஒரு ஸ்டட் போனால் கணக்கு 50-க்குக் கீழே இறங்கிவிடும். வரைபடத்தில் தாராளமாகத் தெரியும் உத்திரத்தில் உண்மையில் ஒரு ஸ்டட்கூட உபரி கிடையாது.

இங்கேதான் பக்கம் முக்கியமாகிறது. பல தகடுகளில் பள்ளத்தின் நடுவில் ஒரு சிறு மடிப்பு ஓடும். அதனால் ஸ்டட்டை நடுவில் வைக்க முடியாது. இடமோ வலமோ தள்ளித்தான் பற்றவைக்க வேண்டும். ஸ்டட் கான்கிரீட்டை உத்திரத்தின் நடுப்பகுதியை நோக்கித் தள்ளுகிறது. ஆகவே அந்தப் பக்கத்தில் கான்கிரீட் கனமாக இருக்க வேண்டும். ஸ்டட் பள்ளத்தில் தாங்கல் இருக்கும் பக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டும். மாறி நின்றால், முன்னால் இருக்கும் மெல்லிய கான்கிரீட் தகட்டின் சரிவை உந்திக்கொண்டு பிதுங்கிவிடும். அமெரிக்க எஃகு விதிகளில் வலுவான இடத்துக்கு 0.75, பலவீனமான இடத்துக்கு 0.6 என்று குணகம் வைத்திருக்கிறார்கள். ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. நம் உத்திரத்தின் 53 சதவீதம் 42 ஆகிறது.

நான் பார்வையிட்ட ஒரு தளத்தில் இதுதான் நடந்திருந்தது. பற்றவைப்பவர் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை எல்லா ஸ்டட்களையும் மடிப்பின் ஒரே பக்கத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தார். பார்க்க அழகாக இருந்தது, அதுதான் தவறே. நடுவைத் தாண்டியதும் பக்கம் மாற வேண்டும். மாறாததால் ஒரு பாதி சரி, மறுபாதி முழுவதும் பலவீனமான இடத்தில். கம்பி வலை விரிக்கும் முன் பார்த்ததால், அந்தப் பாதியின் ஒவ்வொரு பள்ளத்திலும் சரியான பக்கத்தில் இன்னொரு ஸ்டட் பற்றவைத்தார்கள். பழையவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. எந்தப் பக்கம் என்பதை வரைபடத்திலேயே அம்புக்குறியிட்டுக் காட்டியிருந்தால் இந்த வேலையே வந்திருக்காது. அதில் குற்றம் பற்றவைத்தவருடையது அல்ல.

இடம் சரியாக இருந்தாலும் பற்று சரியாக இருக்க வேண்டுமே. ஸ்டட்டின் அடியில் உருகிய உலோகம் வளையமாகச் சுற்றி நிற்க வேண்டும். பற்றவைக்கும்போது ஸ்டட்டின் அடியைச் சுற்றி வைக்கும் பீங்கான் வளையத்தை உடைத்து எடுத்த பிறகே இது கண்ணுக்குத் தெரியும். உடைக்காமல் விட்டால் சோதனையே இல்லை. அடுத்தது உயரம். தகட்டின் வழியே பற்றவைக்கும்போது ஸ்டட் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் உருகிக் குறையும். வரிசையில் ஒன்று மட்டும் தலைதூக்கி நின்றால் அதற்குப் போதிய சூடு கிடைக்கவில்லை என்று பொருள். தகட்டுக்கும் உத்திரத்துக்கும் இடையே ஈரமோ பெயிண்டோ இருந்தாலும், தகடு உத்திரத்தில் படியாமல் தூக்கி நின்றாலும் பற்று கெடும்.

உலோக வளையம் முழுமையாக இல்லாத ஸ்டட்டைச் சுத்தியலால் அடித்து 15 பாகை வளைக்க வேண்டும், வளையம் விடுபட்ட பக்கத்துக்கு எதிர்த்திசையில். அப்போதுதான் அந்த இடம் இழுபடும். விரிசல் இல்லாவிட்டால் வளைந்தபடியே விட்டுவிடலாம். சிலர் அதை நேராக்கி வைக்கிறார்கள். மறுபடி வளைக்கும்போதுதான் பற்று முறியக்கூடும் என்பதை யோசிப்பதில்லை.