முதல் மிடறுக்கு முன்பே

மதுவின் முதல் மிடறு நாக்குக்கு இனிப்பதில்லை. கசக்கும், தொண்டை எரியும். இந்த எரிச்சலுக்கு ஒரு வேடிக்கையான காரணம் உண்டு. வாயிலும் தொண்டையிலும் சூட்டை உணர்ந்து மூளைக்குச் சொல்லும் ஏற்பி ஒன்று இருக்கிறது, பெயர் டிஆர்பிவி1. மிளகாய் கடித்தால் அலறுவதும் இதுதான். சாதாரணமாக 42 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு ஏறினால்தான் இது விழித்துக்கொள்ளும். ஆல்கஹால் பட்டதும் அந்த வரம்பு சுமார் 34 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நம் உடம்பின் சூடே 37 டிகிரி. ஆகவே குடிப்பவரின் சொந்த உடல் வெப்பமே அவருக்கு நெருப்பாகத் தெரிகிறது.

துப்பிவிடு என்று உடம்பு இவ்வளவு தெளிவாகச் சொல்கிறது. பதினான்கு வயதுப் பையன் முகத்தைச் சுளித்தபடி விழுங்குகிறான், கண்ணில் தண்ணீர் நிற்கிறது, "செமயா இருக்குடா" என்கிறான். பிறகு இன்னொரு மிடறு. அவன் நாக்கை நம்பவில்லை. வேறு எதையோ நம்புகிறான். அந்த வேறு எதையோ ஆய்வாளர்கள் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் துருவிப் பார்த்துவருகிறார்கள். அவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் மிகச் சாதாரணமானது: எதிர்பார்ப்பு.

"குடித்தால்..." என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, மீதியை நிரப்பச் சொன்னால் மனத்தில் என்ன வந்து நிற்கிறதோ அதுதான் எதிர்பார்ப்பு. சிறு பிள்ளைகளிடம் இதைக் கேட்டால் பதில் பெரும்பாலும் கெட்டதாகவே இருக்கும். கோபம் வரும், உளறுவார்கள், வாந்தி எடுப்பார்கள். சில ஆண்டுகள் கழிந்தால் பதில் மாறுகிறது. ஜாலியாக இருக்கும், கூச்சம் போகும், எல்லோரும் சேர்ந்து சிரிப்பார்கள். 1990இல் அமெரிக்காவில் மில்லர், ஸ்மித், கோல்ட்மேன் ஆகியோர் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான குழந்தைகளிடம் இந்த மாற்றத்தை அளந்து பார்த்தார்கள். அது பெருமளவு நடந்தது மூன்றாம், நான்காம் வகுப்பில். எட்டு முதல் பத்து வயது! பெரும்பாலான பிள்ளைகள் மதுவைத் தாங்களாகச் சுவைத்துப் பார்க்கப் போகும் காலத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே பதில் எழுதப்பட்டுவிடுகிறது.

எழுதுவது யார்? வீடு, உறவினர், தெரு, எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. இங்கே திரையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கோ பார்த்தது போலவே இருக்கும் ஒரு காட்சி. கூச்ச சுபாவமுள்ள இளைஞன் ஒரு விருந்தில் சுவரோரம் நிற்கிறான். நண்பன் ஒரு பாட்டிலைக் கையில் திணிக்கிறான். ஒரு மிடறு. இசை மாறுகிறது, வெட்டு. அடுத்த ஷாட்டில் அவன் கூட்டத்தின் நடுவில் ஆடுகிறான். அதுவரை அவனைத் திரும்பிப் பார்க்காத பெண் சிரிக்கிறாள். மொத்தம் இருபது வினாடி.

நிஜ உடம்பில் இதே கதை வேறு வேகத்தில் நடக்கும். குடித்த மது வயிற்றையும் சிறுகுடலையும் தாண்டி ரத்தத்தில் உச்சத்தைத் தொட அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை ஆகலாம். அளவு ஏறும்போது ஒருவித உற்சாகம் தெரியும். இறங்கும்போது சோர்வும் தூக்கமும் மந்தமும் வரும். படத்தொகுப்பாளர் ஏறுமுகத்தை வைத்துக்கொண்டு இறங்குமுகத்தை வெட்டிவிடுகிறார். அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, ஒருவன் தூங்கி வழிவதை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? ஆனால் பார்க்கிற பத்து வயதுப் பிள்ளைக்கு வெட்டு தெரிவதில்லை. மிடறும் ஆட்டமும் சிரிப்பும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. காரணமும் விளைவுமாகவே மனத்தில் ஒட்டிக்கொள்கின்றன. இன்னொன்றும் உண்டு. நடிகர் குடிப்பது பெரும்பாலும் தேநீர்த் தண்ணியோ, பழச்சாறோ, நிறம் சேர்த்த வேறு ஏதாவதோதான். அந்த ஆட்டத்தைத் தந்தது எந்தப் பானமும் இல்லை, திரைக்கதை.

தனக்குக் கிடைத்த பரிசிலிருந்து மட்டுமில்லாமல், அடுத்தவருக்குக் கிடைத்த பரிசைப் பார்த்தும் மனிதர் கற்கிறார் என்று ஆல்பர்ட் பண்டூரா 1960களில் குழந்தைகளை வைத்துச் சோதித்துக் காட்டினார். திரையில் அந்தப் பெண்ணின் சிரிப்புதான் பரிசு. சோகக் காட்சியும் இதற்கு விலக்கல்ல. காதல் தோற்ற நாயகன் தனியே அமர்ந்து குடிக்கிறான். பார்ப்பதற்கு எச்சரிக்கை போல இருந்தாலும், அது கற்றுத்தருவது வேறொரு பதில்: துக்கம் வந்தால் இதுதான் மருந்து.

விளம்பரத்தின் வழி இன்னும் நுட்பமானது. குடித்தால் நண்பர்கள் கிடைப்பார்கள், வெற்றி வரும் என்று காட்டக்கூடாது என்று பல நாடுகளின் விளம்பர விதிகள் சொல்கின்றன. பிரிட்டனில் 25 வயதுக்குக் குறைந்தவராகத் தோன்றுபவர் குடிப்பதாகக்கூட விளம்பரத்தில் காட்ட முடியாது. விளம்பரமும் அப்படி எதையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கடற்கரை, அந்திவெயில், நாலு பேர் சிரிப்பு, பனித்துளி வழியும் பாட்டில் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. முடிச்சைப் போடுவது பார்க்கிறவரின் மனம். யாராவது ஒன்றைச் சொன்னால் "பொய்" என்று மறுக்கலாம். சொல்லவே சொல்லாததை எப்படி மறுப்பது?

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது, அளக்க முடியுமா? ஜேம்ஸ் சார்ஜென்ட் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வின் உத்தி எனக்கு மிகவும் பிடித்தது. எத்தனை குடிக்காட்சி பார்த்தாய் என்று ஒரு பிள்ளையிடம் கேட்டால் அதற்கு எப்படித் தெரியும்? எனவே அவர்கள் 601 படங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் மது எத்தனை நேரம் திரையில் இருக்கிறது என்று பயிற்சி பெற்றவர்களை வைத்துக் கணக்கெடுத்தார்கள். 92 விழுக்காடு படங்களில் மது இருந்தது. பிறகு 10 முதல் 14 வயதுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் அவற்றிலிருந்து குலுக்கலில் தேர்ந்த 50 படங்களின் பெயரைக் கொடுத்து, எதையெல்லாம் பார்த்திருக்கிறாய் என்று மட்டும் கேட்டார்கள். பார்த்த படங்களின் மது நேரத்தைக் கூட்டினால் அந்தப் பிள்ளையின் கணக்கு வந்துவிடும். அதுவரை குடிக்காதவர்களை ஓரிரண்டு ஆண்டு கழித்து மீண்டும் கேட்டபோது, கணக்கு அதிகம் இருந்தவர்களில் அதிகம் பேர் குடிக்கத் தொடங்கியிருந்தார்கள். குடும்பச் சூழல், படிப்பு, குணம் ஆகியவற்றின் வித்தியாசங்களைக் கழித்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது.

பார்ப்பதற்கும் குடிப்பதற்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதை 2009இல் சோன்யா டால் சின்னும் சகாக்களும் ஆராய்ந்தார்கள். திரையின் பாதிப்பு மூன்று வழிகளில் போனது. ஒன்று நாம் பேசிவரும் எதிர்பார்ப்பு. இன்னொன்று, குடிக்கும் நண்பர்கள். மூன்றாவதுதான் சுவாரசியம்: "என் வயதில் குடிக்கிறவன் எப்படிப்பட்டவன்?" என்ற கேள்விக்கு மனத்தில் இருக்கும் உருவம். அவன் கெத்தானவனா, அசடனா?

இந்த உருவம் ஏன் முக்கியம் என்றால், முதல் குடி பெரும்பாலும் திட்டமிட்டு நடப்பதில்லை. "குடிக்கப் போகிறாயா?" என்று கேட்டால் "இல்லை" என்பான், அது பொய்யும் அல்ல. "யாராவது நீட்டினால்?" என்று கேட்டுப் பாருங்கள், ஒரு கணம் தயங்குவான். கிப்பன்ஸ், ஜெரார்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் எண்ணம் வேறு, இணக்கம் வேறு என்று பிரித்துச் சொன்னது இந்தத் தயக்கத்தைத்தான். ஒரு மாடியில், நாலு பேர் பார்க்க, ஒரு டம்ளர் நீட்டப்படும் அந்த இரண்டு வினாடியில் அவன் ஆராய்ந்து முடிவெடுப்பதில்லை. அந்த உருவம் தனக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கிறான், அவ்வளவுதான்.

சரி, வாயில் வைத்தாயிற்று, எரிகிறது. எதிர்பார்ப்பு அங்கேயே உடைந்துபோக வேண்டாமா? உடைவதில்லை. எதிர்பார்ப்பு தனக்கான சாட்சியைத் தானே தயாரித்துக்கொள்ளும்.

1973இல் அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் செய்த சோதனை இதைப் புரியவைக்கும். ஒரு பங்கு வோட்காவுக்கு ஐந்து பங்கு டானிக் தண்ணீர் என்னும் கசப்புச் சோடாவைக் கலந்து குளிரவைத்தால், உள்ளே வோட்கா இருப்பதைச் சுவையால் கண்டுபிடிப்பது கடினம். பங்கேற்ற பெரியவர்களை நான்காகப் பிரித்தார். சிலருக்கு வோட்கா என்று சொல்லி வோட்காவே தந்தார், சிலருக்கு வோட்கா என்று சொல்லி வெறும் டானிக். வேறு சிலருக்கு டானிக் என்று சொல்லி வோட்கா, கடைசிக் குழுவுக்கு டானிக் என்று சொல்லி டானிக்கே. சுவைக்கு மதிப்பெண் போடுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்றார். அதிகம் குடித்தவர்கள், வோட்கா குடிப்பதாக நம்பியவர்கள். டம்ளரில் உண்மையில் என்ன இருந்தது என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை.

இதை அந்த மாடிக்குக் கொண்டுபோங்கள். வீட்டுக்குத் தெரியாமல் வந்த படபடப்பு, பாட்டு, நண்பர்கள், தடையை மீறிய குறுகுறுப்பு. ஒன்றுமே குடிக்காவிட்டாலும் நெஞ்சு வேகமாகத்தான் அடிக்கும். ஆனால் கையில் டம்ளர் இருப்பதால் எல்லாப் பெருமையும் டம்ளருக்கே போகிறது. அடுத்த முறை எதிர்பார்ப்பு இன்னும் கெட்டிப்படுகிறது. கூட்டத்தில் பழக மது உதவும் என்று நம்பிய சிறுவர் சிறுமியரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஸ்மித் குழுவின் 1995ஆம் ஆண்டு ஆய்வில் இந்தச் சுழல் தெரிந்தது. நம்பிக்கை குடியை வளர்த்தது, குடி நம்பிக்கையை வளர்த்தது.

இந்த வாதத்தில் ஓட்டைகளும் உண்டு. பிள்ளைகளைக் குலுக்கிப் பிரித்துப் பல ஆண்டுகள் சிலருக்கு மட்டும் குடிக்காட்சி காட்டும் சோதனையை யாரும் செய்ய முடியாது. எனவே ஏற்கெனவே ஆர்வமுள்ளவர்கள்தான் அப்படிப்பட்ட படங்களைத் தேடிப் பார்க்கிறார்களோ என்ற சந்தேகம் முழுசாகத் தீராது. நெதர்லாந்தில் 2009இல் வந்த ஒரு சோதனையை இங்கே சாட்சிக்கு இழுப்பவர்கள் உண்டு. 18 முதல் 29 வயதுள்ள 80 ஆண்கள். குடி நிறைந்த படத்தோடு மது விளம்பரத்தையும் பார்த்தவர்கள், இரண்டும் இல்லாமல் பார்த்தவர்களைவிட ஒரே உட்காரலில் சராசரியாக ஒன்றரை கிளாஸ் அதிகம் குடித்தார்கள். நல்ல ஆய்வுதான், ஆனால் அது காட்டுவது உடனடிப் பாவனையை. திரையில் ஒருவன் தூக்கினால் நம் கையும் தூக்குகிறது. எட்டு வயதில் மனத்தில் விழுந்து பதினான்கு வயதில் முளைப்பது வேறு கதை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது என்பது என் கருத்து.

எழுதிய பதிலை அழிக்க முடியுமா? 1993இல் டார்க்ஸ், கோல்ட்மேன் இருவரும் நிறையக் குடிக்கும் கல்லூரி ஆண்களைக் கூட்டி உட்காரவைத்தார்கள். சிலருக்கு மது, சிலருக்கு மது போன்ற பானம். பேசினார்கள், விளையாடினார்கள். பிறகு, யார் குடித்திருக்கிறார்கள் என்று ஊகியுங்கள் என்றார்கள். ஊகங்கள் தப்பின, சிலருக்குத் தங்களைப் பற்றிய ஊகமும் உட்பட. குடியின் தீமைகளைப் பற்றிப் பாடம் கேட்ட குழுவைவிட, இப்படி ஏமாந்தவர்கள்தான் அதன்பின் குடியைக் குறைத்தார்கள்.

பதின்பருவத்தினருக்கு இந்தச் சோதனையைச் செய்ய வழியில்லை. மிஞ்சுவது ரிமோட்டின் நிறுத்தும் பொத்தான். சுவரோரம் நின்ற அந்த இளைஞன் மிடறு விழுங்கியதும் காட்சியை நிறுத்தி, பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் கேட்கலாம்: இவன் குடித்ததற்கும் ஆடுவதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆடி முடித்த பிறகு இவன் எங்கே போனான், அதை ஏன் காட்டவில்லை?